பின் கமெண்ட் போட்டும் பலனில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கோயம்புத்தூர் பக்கம் என் சித்தப்பா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். பொழுது போகாத நேரத்தில் யூடியூபில் வீடியோவும் போடுவார். அவர் சேனலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வீடியோவுக்குக் கீழே மற்ற கமெண்டுகளுக்கெல்லாம் மேலே நிற்கும்படி Pin செய்துவைக்கும் கமெண்டைத்தான் பின் கமெண்ட் என்கிறேன். அதில் பட்ட பாட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு வீடியோவை எடுத்துக்கொள்கிறேன்: 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோனோபிளாக் மோட்டார், சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. காரணம் கண்டுபிடித்து கெபாசிட்டர் மாற்றுவது வரைக்கும் பதினோரு நிமிட வீடியோ.

உங்கள் சிக்கல் எது என்று பார்த்து, நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம். இரண்டாவதை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். பாதிப் பேருடைய சிக்கல் அதுதான்.

பின் செய்யும் வசதியே வரவில்லை

கமெண்டுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தட்டினால் Pin என்று வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்பதை. போனில் சொந்தக் கணக்கு திறந்திருக்கும், சேனல் வேறு கணக்கில் இருக்கும். கமெண்டும் சொந்தப் பெயரில் போய் விழுந்திருக்கும். மேலே வலது மூலையில் இருக்கும் படத்தைத் தட்டி, சேனல் கணக்குக்கு மாறிவிட்டு மறுபடி பாருங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் வரவில்லையா? கணினியில் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து இந்த வழியே போங்கள்:

```
Settings > Channel > Feature eligibility
```

அங்கே மூன்றாவதாக இருக்கும் Advanced features இயங்கியிருக்க வேண்டும். பின் செய்யும் வசதி அந்தப் படியில்தான் வருகிறது. போன் எண்ணை மட்டும் உறுதி செய்தால் இரண்டாம் படியோடு நின்றுவிடும். மூன்றாவதுக்கு அடையாள அட்டை காட்டலாம், முகத்தை வீடியோவாக எடுத்துக் காட்டலாம், இல்லையென்றால் சேனல் ஒழுங்காக நடந்துவந்த வரலாறு சேரும்வரை காத்திருக்கலாம். சித்தப்பா அடையாள அட்டையெல்லாம் தர மாட்டேன் என்று காத்திருந்தார். புதுச் சேனலுக்கு அது நாளாகும்.

கமெண்ட் பகுதியே இல்லை என்றால் கதை வேறு. வீடியோவைக் குழந்தைகளுக்கானது என்று குறித்திருந்தால் கமெண்டே கிடையாது. 2020 ஜனவரியிலிருந்து இப்படித்தான். வீடியோ Private ஆக இருந்தாலும் கமெண்ட் போட முடியாது. நேரம் குறித்து வெளியிடும் வீடியோவும் அந்த நேரம் வரும்வரை Private கணக்கில்தான் சேரும். வெளியாகும்போதே பின் கமெண்ட் தயாராக இருக்க வேண்டுமென்றால், நேரம் குறிப்பதை விட்டுவிட்டு Unlisted ஆக ஏற்றுங்கள். கமெண்ட் போட்டு, பின் செய்து, பிறகு உங்கள் கையாலேயே Public ஆக்குங்கள்.

கமெண்டில் தேடுசொல் நிறையப் போட்டேன், தேடலில் வீடியோ வரவே இல்லை

சித்தப்பாவுக்கு யாரோ சொல்லிக்கொடுத்து, முதலில் பின் செய்து வைத்திருந்தது இது:

> மோட்டார் ரிப்பேர், மோட்டார் சர்வீஸ், மோட்டார் ரீவைண்டிங், தண்ணீர் மோட்டார், போர் மோட்டார், motor repair tamil, pump repair, 1hp motor, கெபாசிட்டர், capacitor change

ரேஷன் கடைச் சாமான் பட்டியல் மாதிரி இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. தேடலுக்கும் இது உதவுவதில்லை.

தேடலில் ஒரு வீடியோ பொருந்துகிறதா என்று பார்க்க எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறோம் என்று யூடியூபே சொல்லியிருக்கிறது: தலைப்பு, டேக், டிஸ்கிரிப்ஷன், வீடியோவுக்குள் இருக்கும் விஷயம். கமெண்ட் அந்த வரிசையில் இல்லை. நம்பிக்கை வரவில்லை என்றால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உலகத்தில் யாரும் எழுதாத ஒரு சொல்லைக் கட்டுங்கள், ‘கிண்டறுமோட்டி’ போல. அதைப் பின் கமெண்டில் மட்டும் எழுதிவிட்டு, இரண்டு வாரம் கழித்து இன்காக்னிட்டோ ஜன்னலில் தேடுங்கள். நான் தேடியபோது சம்பந்தமில்லாத ஏதேதோ வந்தது, எங்கள் வீடியோ வரவில்லை. அதே சொல்லை டிஸ்கிரிப்ஷனில் இன்னொரு வீடியோவுக்கு எழுதிவைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

அப்படியானால் பின் கமெண்டும் தலைப்பு, டேக் போல வீடியோவை விவரிக்கும் கூடுதல் மெட்டாடேட்டாதான் என்று சிலர் சொல்வதெல்லாம் பொய்யா? பாதி உண்மை. அதில் எழுதும் சொல் நேராகத் தேடலுக்குப் போகாது. ஆனால் சரியான தேடுசொல் எது என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வீடியோ முழுக்க சித்தப்பா ‘கெபாசிட்டர்’ என்றே பேசியிருந்தார். தலைப்பும் ‘1 எச்.பி. மோட்டார் கெபாசிட்டர் மாற்றுவது எப்படி’. கமெண்டில் கேட்டவர்களில் ஒருத்தர்கூட அந்தச் சொல்லை எழுதவில்லை. ‘அண்ணா கண்டன்சர் எவ்ளோ ஆகும்’, ‘கண்டன்சர் மாத்தியும் ஓடல’ என்றுதான் இருந்தது.

“சித்தப்பா, ஊரே கண்டன்சர்னு சொல்லுது, நீங்க மட்டும் ஏனுங்க கெபாசிட்டர்னு சொல்றீங்க?”

“கண்ணு, அதோட பேரே அதுதானே. கடையில நான் கண்டன்சர்னுதான் கேட்டு வாங்குவேன். கேமரா முன்னாடி சரியாச் சொல்லோணும்ல.”

விஷயம் இதில்தான் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. மோட்டார் நின்றுபோன மனிதருக்கு கெபாசிட்டர் போனதா, கண்டன்சர் போனதா என்பதே தெரியாது. அவர் கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்தது ஒன்றுதான்: உறுமுது, சுத்தல. அதைத்தான் தேடுவார். தமிழ் எழுத்தில் தட்டத் தெரியாதவர் `motor odala saththam mattum varuthu` என்று தேடுவார்.

பட்டியலை எடுத்துவிட்டு, பின் கமெண்டின் கடைசி வரியை ஒரு கேள்வியாக மாற்றினோம்: ‘உங்கள் மோட்டார் என்ன செய்கிறது? உறுமுகிறதா, சத்தமே இல்லையா, ஓடிக் கொஞ்ச நேரத்தில் நிற்கிறதா?’ பதில்கள் வர ஆரம்பித்தன. அவற்றை ஒரு நோட்டில் அப்படியே, எழுத்துப் பிழையோடு, எழுதிவைத்தேன். இன்னொரு பக்கம் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் Analytics பகுதிக்குப் போய், Reach பக்கத்தில் YouTube search என்பதைத் திறந்தால், எந்தெந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று இருக்கும். அதையும் நோட்டோடு ஒப்பிட்டேன். கமெண்டில் திரும்பத் திரும்ப வருகிற சொல் தேடல் பட்டியலில் இல்லவே இல்லை என்றால், அந்தச் சொல்லைத் தேடுகிறவர்களுக்கு நம் வீடியோ போய்ச் சேரவில்லை என்று கொள்ளலாம். ‘கண்டன்சர்’ அப்படித்தான் விடுபட்டிருந்தது.

பிறகு ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய இடத்துக்கு நகர்த்தினோம். தலைப்பு ‘மோட்டார் உறுமுது, ஓடல? கண்டன்சர் சோதித்து மாற்றும் முறை’ என்று ஆனது. டிஸ்கிரிப்ஷனின் முதல் இரண்டு வரி முழு வாக்கியமாக: ‘தண்ணீர் மோட்டார் சுவிட்ச் போட்டால் சத்தம் மட்டும் வந்து சுற்றவில்லை என்றால், முதலில் தண்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்து, பிறகு கண்டன்சரை, அதாவது கெபாசிட்டரை, எப்படிச் சோதிப்பது என்று இதில் காட்டுகிறேன்.’ ஆங்கில எழுத்தில் தட்டும் வடிவங்களும் எழுத்துப் பிழைகளும் டேக் பெட்டிக்குப் போயின. டேக்குக்குப் பெரிய பலம் கிடையாது என்று யூடியூபே சொல்கிறது. அடிக்கடி தப்பாக எழுதப்படும் சொல்லுக்கு உதவும் என்பதையும் அதுவே சொல்கிறது. நம் தேவையும் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. கமெண்டிலிருந்து எடுத்த பட்டியலை அப்படியே டிஸ்கிரிப்ஷனில் கொட்டிவிடாதீர்கள். அங்கே டேக்குகளை அளவுக்கு மீறிக் குவிப்பது ஸ்பேம் விதிக்கு விரோதம், வீடியோவையே தூக்கிவிடலாம். கமெண்டுக்கும் ஸ்பேம் விதி உண்டு.

பின் செய்திருக்கிறேன், யாரும் படிப்பதில்லை. அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறார்கள்

போனில் கமெண்ட் பகுதி மூடியே இருக்கும். வெளியே தெரிவது ஒன்றிரண்டு வரிதான். திறந்தாலும் நீளமான கமெண்ட் சில வரியோடு மடிந்து, மீதி Read more என்பதற்குள் போய்விடும். ‘வணக்கம் நண்பர்களே, நம் சேனலுக்கு ஆதரவு தந்த அனைவருக்கும்…’ என்று தொடங்கினால், தெரிகிற வரி அத்தனையும் வணக்கத்திலேயே தீர்ந்துவிடும்.

இப்போது அந்த வீடியோவில் நிற்கிற கமெண்ட் இது:

> மோட்டார் உறுமுது, சுத்தலையா? கண்டன்சர் வாங்கும் முன் 2:15 பாருங்கள்.
> 2:15 மெயினை அணைத்துவிட்டுத் தண்டைக் கையால் சுற்றிப் பார்ப்பது
> 4:40 கண்டன்சர் சோதனை
> 8:05 புதிது மாட்டுவது
> திருத்தம்: 6:30 இடத்தில் ‘25 போடுங்க’ என்றது என் கையிலிருந்த மோட்டாருக்கு மட்டும். உங்கள் பழைய கண்டன்சர் மேல் எத்தனை மைக்ரோ ஃபாரட் என்று அச்சிட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். வோல்ட் அளவு பழையதற்குக் குறையக் கூடாது.
> உங்கள் மோட்டார் என்ன செய்கிறது? உறுமுகிறதா, சத்தமே இல்லையா, ஓடிக் கொஞ்ச நேரத்தில் நிற்கிறதா?

முதல் வரியை எத்தனை முறை மாற்றினோம் என்று எனக்கே நினைவில்லை. நாள்கணக்கில் ஓடாமல் கிடந்த மோட்டாரில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் இறுகி, அதனாலேயே உறுமும். கண்டன்சர் நன்றாகவே இருக்கும். அதை மாற்றிவிட்டு ‘மாத்தியும் ஓடல’ என்று வருகிறவர்கள்தான் அதிகம். அந்த ஒரு கேள்விக்கான பதில் முதல் வரியில் வந்ததும் அது குறைந்தது. பின் கமெண்ட் இப்படித்தான் வழிகாட்டும்: வந்தவர் தப்பாகத் திரும்பும் முனையிலேயே அவரை நிறுத்த வேண்டும்.

திருத்தமும் இங்கேதான் பொருந்தும். ஏற்றிய வீடியோவில் வெட்டி எடுக்கலாம், புதிதாகப் பேசிச் சேர்க்க முடியாது. ஆனால் ஆளுக்கு ஆபத்து வரும் தப்பென்றால் கமெண்டை நம்பாதீர்கள். டிவியில் பார்க்கிறவர் பெரும்பாலும் கமெண்டைத் திறப்பதில்லை. வேறு தளத்தில் பதித்த பிளேயரில் கமெண்டே வராது. சித்தப்பாவின் இன்னொரு வீடியோவில், கண்டன்சரில் தங்கியிருக்கும் மின்சாரத்தை வெளியேற்றாமல் முனையைத் தொடுவதுபோல ஒரு காட்சி இருந்தது. அதற்குத் திருத்தம் எழுதவில்லை. அந்த இடத்தையே ஸ்டுடியோ எடிட்டரில் வெட்டிவிட்டோம். வெட்டினால் அதற்குப் பின்னால் வரும் எல்லா நேரக்குறிப்பும் நகர்ந்துவிடும். கமெண்டையும் டிஸ்கிரிப்ஷனையும் மறுபடி சரிசெய்ய மறக்காதீர்கள், நான் ஒரு வாரம் மறந்திருந்தேன்.

நேரக்குறிப்பு தட்டினால் போகிறது, ஆனால் வீடியோப் பட்டை பகுதி பகுதியாகப் பிரியவில்லை

பிரியாது. நீங்கள் குறிக்கும் அத்தியாயங்களை யூடியூப் டிஸ்கிரிப்ஷனிலிருந்துதான் எடுக்கும். முதல் குறிப்பு 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்பு ஏறுவரிசையில் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது.

```
0:00 மோட்டார் உறுமும் சத்தம்
2:15 தண்டைச் சுற்றிப் பார்ப்பது
4:40 கண்டன்சர் சோதனை
8:05 புதிது மாட்டுவது
```

இது டிஸ்கிரிப்ஷனுக்கு. கமெண்டில் 0:00 தேவையில்லை, ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பவரை முதலுக்கு அனுப்பி என்ன பயன்? இரண்டு இடத்திலும் ஒரே பட்டியலை ஒட்டாமல், கமெண்டில் அவசரமான இரண்டு மூன்று இடங்களை மட்டும் வையுங்கள்.

நேரக்குறிப்போடு தமிழ் விகுதியை ஒட்டி எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். ‘6:30ல்’ என்று எழுதாமல் ‘6:30 இடத்தில்’ என்று இடைவெளி விட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இணைப்பைத் தட்டினால் திறக்கவில்லை

ஷார்ட்ஸ் வீடியோவா? அங்கே கமெண்டில் போடும் இணைப்பு வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். 2023 ஆகஸ்ட் 31 முதல் யூடியூப் அதை நிறுத்திவிட்டது. ஷார்ட்ஸிலிருந்து உங்கள் பெரிய வீடியோவுக்கு அனுப்ப வேண்டுமென்றால், ஸ்டுடியோவில் அந்த ஷார்ட்ஸின் விவரப் பக்கத்தில் Related video என்ற இடம் இருக்கிறது, அதில் தேர்ந்தெடுங்கள்.

சாதாரண வீடியோவில் இணைப்பு உடைந்தால் காரணம் பெரும்பாலும் நம் தட்டச்சுதான். முகவரியை ஒட்டினாற்போல் ‘இல்’, ‘ஐப் பார்க்கவும்’ என்று எழுதினால் விகுதியும் முகவரிக்குள் இழுபடும். அடைப்புக்குறி, முற்றுப்புள்ளி ஒட்டினாலும் இதே தொல்லை. இணைப்புக்குத் தனி வரி கொடுங்கள். சொந்தத் தளத்துக்கு அனுப்புகிறீர்கள் என்றால், கமெண்டிலிருந்து வந்தவரைத் தனியாக எண்ண முகவரியின் முடிவில் இதைச் சேர்க்கலாம்:

```
?utm_source=youtube&utm_medium=pinned_comment
```

எழுத்துக்கு நடுவே நட்சத்திரம் தெரிகிறது, அல்லது வரி அடிக்கப்பட்டிருக்கிறது

கமெண்டில் `*சொல்*` என்று எழுதினால் தடித்த எழுத்து, `_சொல்_` என்றால் சாய்வு, `-சொல்-` என்றால் நடுவில் கோடு. `*கண்டன்சர்*ஐ` என்று விகுதியை வெளியே ஒட்டினால் தடிக்காமல் நட்சத்திரம் அப்படியே நிற்கும். `*கண்டன்சரை*` என்று விகுதியையும் உள்ளே போடுங்கள். கோடு விழுந்திருந்தால் வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறுகோடு ஒட்டியிருக்கும், அதை எடுத்துவிட்டால் போதும்.

பின் செய்தது காணாமல் போய்விட்டது

ஒரு வீடியோவுக்கு ஒரு பின் மட்டும்தான். வேறொன்றைப் பின் செய்த நொடியில் பழையது கீழே இறங்கிவிடும், அழியாது. போனில் கமெண்ட் படித்துக்கொண்டிருக்கையில் விரல் தவறிப் பார்வையாளர் ஒருவரின் ‘சூப்பர் அண்ணா’வைச் சித்தப்பா பின் செய்துவிட்டார். மூன்று நாள் அதுவே மேலே நின்றது.

பார்வையாளர் எழுதிய நல்ல கேள்வியைப் பின் செய்து, அதற்குக் கீழே பதில் எழுதுகிறவர்கள் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் அவர் கமெண்டை நீக்கினால் உங்கள் பதிலும் சேர்ந்தே போகும். நீண்ட நாள் நிற்க வேண்டிய விஷயத்தை உங்கள் கணக்கிலேயே எழுதுங்கள், மூலத்தை ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய பிறகு ஒருமுறை இன்காக்னிட்டோவில் திறந்து, இன்னும் மேலே இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. உங்களுக்கு மட்டும் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியவில்லையா என்பதும் அங்கேதான் தெரியும்.

பின் கமெண்டுக்குக் கீழே சேனல் பெயரிலேயே யாரோ வாட்ஸ்அப் எண் போடுகிறார்கள்

கூட்டம் கூடுகிற இடத்தில் பிக்பாக்கெட் வருவான். உங்கள் படத்தையே வைத்து, பெயரில் ஒரு புள்ளி சேர்த்து, ‘மேலும் விவரத்துக்கு இந்த எண்ணில் பேசவும்’ என்று பதில் போடுவார்கள். ஸ்டுடியோவின் Settings பகுதியில் கமெண்டுகளை வடிகட்டும் இடத்தில் Blocked words பெட்டி இருக்கும். அதில் ‘வாட்ஸ்அப்’, `whatsapp`, `wa.me`, `telegram`, `t.me` ஆகியவற்றைச் சேர்த்தால் அந்தச் சொல் உள்ள பதில்கள் வெளியே வராமல் உங்கள் பார்வைக்கு நிற்கும். பக்கத்திலேயே இணைப்பு உள்ளவற்றைத் தடுக்கும் Block links இருக்கிறது, அதையும் இயக்குங்கள்.

அதற்காகப் பின் கமெண்டின் பதில்களை ஒட்டுமொத்தமாக மறந்துவிடாதீர்கள். நிறுத்திவைத்த கமெண்டுகளை வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். போன வாரம் அதில் சிக்கியிருந்த ஒன்று: ‘அண்ணா மோட்டார் ஓடுது ஆனா தண்ணி ஏறல, வீடியோ வாட்ஸ்அப்ல அனுப்பட்டா’. நோட்டில் ‘ஓடுது, தண்ணி ஏறல’ என்று எழுதிக்கொண்டு, சித்தப்பாவிடம் காட்டினேன். “இது புட்வால்வ் சமாச்சாரம் கண்ணு” என்றார். அடுத்த வீடியோவின் தலைப்பு அதுதான்.